ரிடெம்ப்ஷன் பீரியட்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மலர்:
வணக்கம். டொமைன் புதுப்பித்தல் பற்றிய உதவிப் பக்கத்தைச் சிறு வணிகர்களுக்காகத் தமிழாக்குகிறேன். காலாவதியானதும் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதைச் 'சலுகைக் காலம்' என்றேன். அதற்குள்ளும் கட்டாததால், டொமைனை நமக்கு விற்ற பதிவாளர் அந்தப் பெயரை நீக்கிவிட்டால், ஹூஇஸ் என்னும் பதிவு விவரத் தேடலில் `redemptionPeriod` என்று காட்டும். .com பெயருக்கு இது 30 நாள். தளமும் மின்னஞ்சலும் இயங்காது. பழைய பதிவாளரிடமே தனிக் கட்டணம் கட்டி மீட்க வேண்டும். 'மீட்புக் காலம்' சரியா?

அருணாசலம்:
'மீள்' தன்வினை, மீட்பது பிறவினை. பெயர் தானாக மீள்வதில்லை, உரியவர் மீட்கிறார். ஆகவே 'மீட்சி' பொருந்தாது, 'மீட்பு' பொருந்தும். ஆனால் மீட்பு என்றதும் வெள்ளமும் படகும்தான் கண்முன் வருகின்றன. 'மீட்பெல்லை' என்றால் முடிவுநாள் உண்டென்பதும் விளங்கும். யாழ் மீட்டுவதற்கும் இதற்கும் உள்ள உறவைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ரஹீம்:
ஐயா, கடைக்காரருக்குப் புரிய வேண்டாமா? அடகு நகை 'மூழ்கிப்போச்சு' என்போமே, அதுபோல 'மூழ்கிய பெயர்' என்று போடுங்கள். எப்படியும் காலாவதிக்குப் பின் முதல் 45 நாள் எல்லாருக்கும் கிடைக்கும், பதற வேண்டியதில்லை.

செல்வி:
ரஹீம், அந்த 45 நாளை நம்பி யாரும் இருக்கக் கூடாது. அது .com பெயர்கள் அனைத்தையும் நிர்வகிக்கும் பதிவகம் பதிவாளருக்குத் தரும் உச்ச வரம்பு. வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் என்பது பதிவாளர் விருப்பம். சிலர் அதற்குள்ளேயே பெயரை ஏலம் விட்டுவிடுவார்கள். அப்போது மீட்புக் கட்டமே வராது. மார்ச் 1 காலாவதி, பதிவாளர் முழு 45 நாளும் பொறுத்து ஏப்ரல் 15 அன்று நீக்குகிறார் என்று வையுங்கள். மே 15 வரை மீட்கலாம். அதன்பின் 5 நாள் `pendingDelete`. அதில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மே 20 வாக்கில் பெயர் யாருக்கும் கிடைக்கும். மூழ்கிய நகை திரும்பாது. எனவே 'மூழ்குதல்' அந்த 5 நாளுக்குத்தான் பொருந்தும்.

தேவராஜ்:
எங்கள் கடைத் தளத்தை வடிவமைத்தவர் டொமைனைத் தம் பெயரிலேயே பதிந்திருக்கிறார். நினைவூட்டல் எல்லாம் அவருக்கே போகிறது. இதற்கு என்ன சொல்?

செல்வி:
சொல் இருக்கட்டும், முதலில் உரிமையாளர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைத் தராதீர்கள். காலாவதிக்குப் பின் வரும் நினைவூட்டல் உங்களுக்குக் கிடைக்காது. வேறு பதிவாளரிடம் போவதானால் `clientTransferProhibited` பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டை வாங்கிக் கொடுங்கள். மாறியதும் பூட்டிவிடுங்கள். உரிமையாளர் மாற்றத்துக்குப் பின் 60 நாள் நகர்த்த விடாத பதிவாளர்களும் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மலர்:
நன்றி. 'மீட்புக் காலம்' என்றே அனுப்புகிறேன். `pendingDelete`-க்கு 'அழிப்புக் காத்திருப்பு' என்று எழுதியிருக்கிறேன், எனக்கே நிறைவில்லை.

அருணாசலம்:
காத்திருப்பது யார், பெயரா, உரியவரா? இச்சொல்லை நான் ஏற்கவில்லை. 'மீட்பெல்லை'யையும் கைவிடவில்லை.