சொற்பங்கீடு: தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் விரிவுக்கும் சொல் பிரிப்பதை என்னவென்று அழைக்கலாம்?

தமிழரசி, தண்டையார்பேட்டை

குழுவினருக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் நூலகச் சுவரில் வடசென்னையோடு தொடர்புள்ள தலைவர்களின் அறிமுகப் பலகைகளை வைக்கிறது. பலகைக்கு மொத்தம் 120 சொல். மேலே தலைப்பு, நடுவில் சுருக்கம், கீழே விரிவு. இந்த 120ஐ மூன்றுக்கும் எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே திட்டமிடுவதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேவை. 'சொல் வரவுசெலவு' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

சிங்காரவேலர் பலகைக்கு வந்த முதல் வரைவின் தொடக்கம் இது:

> தலைப்பு: இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர்
> சுருக்கம்: 1923இல் இந்தியாவில் முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடிய பெருமை சிங்காரவேலரையே சேரும்.
> விரிவு: 1860இல் பிறந்த சிங்காரவேலர், 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்...

ஒரே செய்தி மூன்று முறை வந்திருக்கிறது. அவர் தலைமை தாங்கிய கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

ஜான்சன், காசிமேடு

அக்கா, சொல் வரவுசெலவுன்னா ஒரு சொல்லுக்கு எவ்வளவு காசுன்னு கணக்கா? பேப்பர்ல வரி விளம்பரம் குடுக்கும்போது அப்படித்தான் வாங்குவாங்க. நான் போட் இன்ஜின் மெக்கானிக். லிங்க்ட்இன்ல தமிழ்லயே புரொஃபைல் போட்டேன். பேருக்குக் கீழ வர்ற வரியில 220 எழுத்து எழுதலாம்னு சொன்னாங்க. நான் எண்ணிப் பார்த்தா அவ்வளவு வரல, அதுக்குள்ள நிறுத்திடுச்சு. என்னோடதையும் கொஞ்சம் பாருங்க:

> கடின உழைப்பாளி, நேர்மையானவன், நல்ல வாய்ப்பை எதிர்நோக்கும் அனுபவமிக்க இன்ஜின் மெக்கானிக்

புலவர் இளங்கோவன், திருவொற்றியூர்

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' ஒன்று. தமிழரசி காட்டிய வரைவில் இருப்பது அதுவே. ஒரு பகுதியில் சொன்னதை இன்னொரு பகுதியில் சொல்லவே கூடாது என்று விதி செய்துவிட்டால் போதும், தனிக் கலைச்சொல் எதற்கு? மூன்று பகுதிகளுக்கும் பெயர் வேண்டுமானால் 'தொகை, வகை, விரி' என்று நம் மரபிலேயே இருக்கிறது.

பாஸ்கர், பழைய வண்ணாரப்பேட்டை

புலவர் ஐயா சொன்ன குற்றம் சரி. ஆனால் விதியை அப்படியே வைத்தால் பலகை கெட்டுவிடும். நாளிதழில் பக்கம் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: தலைப்பில் வந்த செய்தியை விரிவு தொடாமலே விட்டால், படிப்பவர் ஏமாந்து போவார். 'முதல் மே தினம்' என்று தலைப்பு சொன்னதும் அவருக்கு எழும் கேள்வி, எங்கே, எப்படி என்பதுதான். அதற்கு விரிவு பதில் சொல்லியாக வேண்டும். எனவே மே தினம் இரண்டாம் முறை வரலாம், ஆனால் புதிதாக ஒன்றைக் கையில் கொண்டு வர வேண்டும். அன்று சென்னையில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அவருடைய லேபர் கிசான் கட்சியும் அன்றுதான் தொடங்கப்பட்டது. விரிவில் வர வேண்டியவை இவை. முதல் வரைவின் விரிவு தலைப்பையே திரும்பச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

நான் செய்யும் முறை இது. 20, 30, 70 என்று எண்ணில் தொடங்குவதில்லை. சொல்ல வேண்டிய செய்திகளை வரிக்கு ஒன்றாக ஒரு தாளில் எழுதிவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வீடு. நூலகத்தில் நடந்து போகிறவர் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு எது தேவையோ அது தலைப்புக்குப் போகும். நின்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவார் என்றால் அவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டியது சுருக்கத்துக்கு. சான்று, இடம், நிகழ்ச்சிகளின் வரிசை எல்லாம் விரிவுக்கு. வீடு பிரித்த பிறகுதான் எண்ணுவேன்.

அப்படிப் பிரித்ததில் எனக்கு வந்தது:

> ம. சிங்காரவேலர்: இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தியவர்
>
> மீனவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைக் கைவிட்டார். சென்னைத் தொழிலாளர் போராட்டங்களில் முன்நின்றார். 1925இல் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

தலைப்புக்கு 7, சுருக்கத்துக்கு 19. விரிவுக்கு 94 சொல் மிச்சம். கடற்கரைக் கூட்டங்கள், 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், அதற்காக அவர் சிறை சென்றது, எல்லாவற்றுக்கும் அதில் தாராளமாக இடம் உண்டு. சுருக்கத்தில் மே தினம் வரவே இல்லை என்பதைப் பாருங்கள். தலைப்பு அதைச் சொல்லிவிட்டது, விரிவு விளக்கப் போகிறது, நடுவில் அதற்கு வேலை இல்லை.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. சுருக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு மற்ற இரண்டையும் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் சுருக்கம் சும்மா நிற்கிறது. முதல் வரைவில் மறைத்துப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

ஜான்சன் தம்பி, இது காசுக் கணக்கு இல்லை. ஆனால் நீங்கள் அப்படிப் புரிந்துகொண்டதே 'வரவுசெலவு' வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம். இங்கே வரவு என்று ஒன்றும் கிடையாது. இருக்கும் 120ஐப் பங்கு போடுகிறோம், அவ்வளவுதான். 'சொற்பங்கீடு' என்று முன்வைக்கிறேன். ஈழத்தில் பட்ஜெட்டைப் பாதீடு என்பார்கள். 'சொற்பாதீடு' எனக்குப் பிடிக்கும், ஆனால் பலகை எழுதும் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் வரியில் 'இன்ஜின் மெக்கானிக்' கடைசியில் கிடக்கிறது. அதை முன்னால் கொண்டு வாருங்கள்: 'மீன்பிடி விசைப்படகு டீசல் இன்ஜின் மெக்கானிக், காசிமேடு.' உழைப்பு, நேர்மை எல்லாம் யாரும் எழுதக்கூடியவை. எந்தெந்த இன்ஜினை இறக்கி ஏற்றியிருக்கிறீர்கள் என்பதைக் கீழே விரிவில் எழுதினால், உழைப்பு தானே தெரியும்.

தமிழரசி

ஜான்சனுக்கு எழுத்துக் கணக்கு ஏன் உதைத்தது என்று பார்த்தேன். நாம் 'சிங்காரவேலர்' என்பதை 7 எழுத்து என்போம். கணினி அப்படி எண்ணுவதில்லை:

```
>>> len("சிங்காரவேலர்")
12
```

புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே 220 என்று போட்டிருந்தால் நம் கணக்கில் ஏறத்தாழ 130 எழுத்துதான் கொள்ளும். இணையத்தில் போடுகிறவர்கள் பங்கு பிரிக்கும்போது சொல்லை மட்டும் எண்ணினால் போதாது. பலகைக்கும் இந்தச் சிக்கல் கொஞ்சம் உண்டு: 'தொழிலாளர்களுக்காகவும்' ஒரே சொல்தான், ஆனால் பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் 'சொற்பங்கீடு' என்பதில் உள்ள 'சொல்' பொருந்துமா?

புலவர் இளங்கோவன்

பாஸ்கரின் திருத்தத்தை ஏற்கிறேன். புதியது கொண்டு வந்தால் அது கூறியது கூறல் ஆகாது. 'சொற்பங்கீடு' புணர்ச்சியிலும் பிழையில்லை. எழுத்தை எண்ணும் இடத்தில் 'எழுத்துப் பங்கீடு' என்று சொல்லிக்கொள்ளலாம், ஒரே சொல் இரண்டையும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் தொகை, வகை, விரியை நான் விடுவதாக இல்லை.

பாஸ்கர்

தொகையும் விரியும் பொருந்துகின்றன ஐயா. வகைதான் இடிக்கிறது. வகை என்றால் இனம் இனமாகப் பிரிப்பது. நம் சுருக்கம் எதையும் இனம் பிரிக்கவில்லை, நின்று படிப்பவருக்கு ஒரு முழு ஆளைக் காட்டுகிறது. நடுப்பகுதிக்குச் 'சுருக்கம்' என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் எழுதுகிறவர் கீழே இருப்பதைச் சுருக்கத் தொடங்கிவிடுகிறார், அங்கேதான் முதல் வரைவு வழுக்கியது. 'அறிமுகம்' என்று வைக்கலாமா?

ஜான்சன்

அண்ணே, மாத்திட்டேன். வரி நிக்குது. அறிமுகம்னு வெச்சா நான் பேரு, ஊரு, படிப்புன்னுதான் எழுதுவேன், அதெல்லாம் ஏற்கெனவே மேலயே இருக்கே?

தமிழரசி

ஜான்சன் சொல்வது நியாயம்தான். 'சொற்பங்கீடு' என்பதைக் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன். நடுப்பகுதியின் பெயரை இப்போதைக்குக் காலியாகவே விடுகிறேன். சிங்காரவேலர் பலகையின் விரிவை இன்று இரவு அனுப்புகிறேன். பாஸ்கர் ஐயா சொன்னபடி 94 சொல், ஆனால் கடற்கரைக் கூட்டங்கள் மட்டுமே 40ஐப் பிடித்துவிட்டன. ரயில்வே வேலைநிறுத்தத்தைக் குறைப்பதா, கட்சி தொடங்கியதைக் குறைப்பதா என்று யாராவது சொல்லுங்கள்.