மூன்றாவது கோட்டுக்கு எந்தப் பக்கம் நிழற்றுவது? (லீனியர் புரோகிராமிங்)

ஹட்டன் மாணவி: கணக்கு இதுதான். கரட் பாத்தி x, லீக்ஸ் பாத்தி y. மொத்தம் 10 பாத்திக்கு மேல் இடமில்லை. கரட் பாத்திக்கு 2 ஆள்நாள், லீக்ஸுக்கு 1, மொத்தம் 16 ஆள்நாள்தான். லீக்ஸ் பாத்தி கரட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. இலாபம் 2000x + 3000y.

```
x + y <= 10
2x + y <= 16
2x - y >= 0
x >= 0, y >= 0
```

மூன்றாவதில் (0,0) போட்டால் 0 >= 0, சரி என்று வருகிறது. அதனால் y அச்சுப் பக்கத்தை வைத்துக்கொண்டேன். (0,10) இல் 30,000 ரூபாய் வந்தது. விடை வேறாம். எங்கே பிழை?

நுவரெலியா ரவி: குறியைப் பார்த்தாலே போதும் தங்கச்சி. <= என்றால் கோட்டுக்குக் கீழே, >= என்றால் மேலே.

தலவாக்கலை டீச்சர்: ரவி சொல்வது y க்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் மட்டும் சரி. இங்கே −y இருக்கிறது. y ஐத் தனியாக்கினால் y <= 2x, அதாவது கோட்டுக்குக் கீழ்ப்பக்கம். ரவியின் வழியில் போனாலும் மகள் நிழற்றிய அதே பிழையான பக்கம்தான் வரும்.

மகள், கோடு (0,0) ஊடாகவே போகிறது. கோட்டின் மேல் இருக்கிற புள்ளி எந்தப் பக்கத்தையும் காட்டாது. (1,0) போடுங்கள்: 2 >= 0, சரி. (0,1) போடுங்கள்: −1 >= 0, பிழை. ஆக x அச்சுப் பக்கம்தான் வேண்டும்.

(0,10) ஐக் கணக்கிலேயே வைத்துப் பார்த்திருக்கலாம். கரட்டே இல்லாமல் 10 பாத்தி லீக்ஸ், நிபந்தனை அதை விடாதே. இன்னொன்று, உங்கள் முக்கோணத்தை 2x + y = 16 கோடு தொடவே இல்லை. அது எப்போதும் பிழை என்றில்லை, ஆனால் கண்டால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

வேண்டாத பக்கத்தை மெல்லிய பென்சில் கோடுகளால் அடியுங்கள். வேண்டியதை நிழற்றினால் நான்கைந்து நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பொதுவான இடம் எதுவென்றே தெரியாது. கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவதுதான் உங்கள் பிரதேசம். அதன் மூலைகள் (0,0), (8,0), (6,4), (10/3, 20/3).

பண்டாரவளை குமார்: எனக்கு ஜியோஜீப்ராவில் ஒவ்வொரு சமனிலிக்கும் தனி நிறம் வந்து குழம்புகிறது. கோட்டைப் புள்ளிக்கோடாக்கினால் சரியாகுமா?

தலவாக்கலை டீச்சர்: புள்ளிக்கோடு < , > வந்தால் மட்டும் தம்பி. உங்களுக்கு எல்லாவற்றையும் ஒரே வரியில் தட்டினால் போதும்:

```
x+y<=10 && 2x+y<=16 && 2x-y>=0 && x>=0 && y>=0
```

ஹட்டன் மாணவி: இப்போது சரியாக வருகிறது டீச்சர். (10/3, 20/3) இல்தான் கூட, ஏறக்குறைய 26,667. ஆனால் பாத்தியை மூன்றில் ஒன்றாகப் பிரிக்கலாமா?

நுவரெலியா ரவி: மண்ணில் தாராளமாகப் பிரிக்கலாம். விடை அதுதான்.

தலவாக்கலை டீச்சர்: கேள்வியில் "முழுப் பாத்திகள்" என்று இருந்தால் அந்த மூலை உதவாது. பிரதேசத்துக்குள் இருக்கும் முழு எண் புள்ளிகளைத்தான் பார்க்க வேண்டும்: (4,6) இல் 26,000, (3,6) இல் 24,000. (3,7) கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் 7 > 6, வெளியே. வினாத்தாளில் அந்தச் சொல் இருக்கிறதா?

ஹட்டன் மாணவி: "பாத்திகளின் எண்ணிக்கை" என்று மட்டும்தான் இருக்கிறது.