மேக் முகவரி ஃபிளாப்பிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

கதிரவன், கடலூர்:

வணக்கம். சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிறேன். இரவுப் பணியில் இருக்கும் பையன்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அலுவலக மாடியில் எல்லோருக்கும் நெட் முடங்கியபோது சுவிட்ச் லாகில் இவை வந்து குவிந்தன:

```
%SW_MATM-4-MACFLAP_NOTIF: Host 0000.5e00.5301 in vlan 20 is flapping between port Gi1/0/24 and port Gi1/0/14
%SW_MATM-4-MACFLAP_NOTIF: Host 0000.5e00.5317 in vlan 20 is flapping between port Gi1/0/6 and port Gi1/0/15
%SW_MATM-4-MACFLAP_NOTIF: Host 0000.5e00.5301 in vlan 20 is flapping between port Gi1/0/14 and port Gi1/0/15
```

`5301` கேட்வே; அது 24-இல் இருக்க வேண்டியது. `5317` பிரிண்டர், 6-இல் இருக்க வேண்டியது. ஃபிளாப்பிங் என்பதற்கு "முகவரிப் படபடப்பு" என்று எழுதிவைத்தேன். படித்தால் இரத்தக் கொதிப்பு மாத்திரை தேடச் சொல்வது போல இருக்கிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

இளங்கோ, கடலூர் முதுநகர்:

படபடப்பே சரிதான் நண்பரே, எதற்கு மாற்றுகிறீர்கள்? போர்ட் விட்டுவிட்டு வருகிறது, அவ்வளவுதான். நம் ஊர் உப்புக்காற்றில் கேபிள் முனையில் பச்சை பூத்துவிடும். 14, 15 இரண்டிலும் புதிதாக கிரிம்ப் பண்ணிப் போடுங்கள். சொல்லுக்கு "இணைப்புத் துடிப்பு" என்று வையுங்கள்.

மங்கை, புதுச்சேரி:

இளங்கோ சொல்வது வேறு நோய். கேபிள் விட்டுவிட்டு வந்தால் லாகில் `%LINK-3-UPDOWN` என்று வரும். அங்கே போர்ட்டின் நிலை மாறுகிறது. கதிரவனின் லாகில் போர்ட்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. முகவரி இருக்கும் இடம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. "துடிப்பு" முதலாவதற்கு நல்ல சொல். அதையே இரண்டாவதற்கும் வைத்தால் கையேட்டைப் படிக்கும் பையன் கிரிம்பிங் கருவியோடுதான் ஓடுவான்.

சொல்லுக்கு முன், என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு ஃபிரேம் எந்தப் போர்ட் வழியாக உள்ளே வருகிறதோ, அதை அனுப்பியவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று சுவிட்ச் குறித்துக்கொள்ளும். கேட்வே ஒரு பிராட்காஸ்ட் அனுப்புகிறது. அது 24 வழியாக உள்ளே வந்து 14, 15 உட்பட எல்லாப் போர்ட்டிலும் வெளியே போகிறது. 14-இல் போனது எங்கோ சுற்றி 15 வழியாகத் திரும்பி வந்தால், கேட்வே 15-க்குக் குடிபோய்விட்டதாகச் சுவிட்ச் நம்பும். 15-இல் போனது 14-இல் திரும்பும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை எதுவும் கிடையாது. யாராவது வெட்டிவிடும் வரை சுற்றும்.

அதனால் கதிரவன், தனித்தனி வரிகளாகப் படிக்காதீர்கள். கேட்வேயின் சொந்த இடம் வேறு, பிரிண்டரின் சொந்த இடம் வேறு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த இரண்டு முகவரிகளையும் 14, 15 இழுக்கின்றன. 24-இலும் 6-இலும் குற்றமில்லை. 14, 15 இரண்டும் எந்த அறைக்குப் போகின்றன என்று பாருங்கள். ஒன்றை மட்டும் `shutdown` செய்தால் செய்தி நின்றுவிட வேண்டும்.

கதிரவன்:

பார்த்தேன் அக்கா. இரண்டும் கணக்குப் பிரிவின் சுவரில் இருக்கும் இரண்டு சாக்கெட்டுகள். மேசைக்கு அடியில் எட்டு போர்ட் குட்டி சுவிட்ச் ஒன்று. யாரோ பெருக்கும்போது தொங்கிய கேபிளைப் பார்த்து, பாவம் என்று அடுத்த சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். 15-ஐ அணைத்ததும் அடங்கிவிட்டது. ஆனால் ஸ்பானிங் ட்ரீ ஓடிக்கொண்டிருந்ததே, அது ஏன் பிடிக்கவில்லை?

அப்படியானால் "வளைய எச்சரிக்கை" என்றே பெயர் வைத்துவிடலாமா? பையன்களுக்கு உடனே புரியும்.

பரத், வில்லியனூர்:

வளையம் வேண்டாம் சார். எங்கள் சர்வருக்கும் இதே செய்திதான், ஆனால் அங்கே வளையமே கிடையாது. லினக்ஸ் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டை `balance-rr` முறையில் சேர்த்திருந்தார்கள். சுவிட்ச் பக்கம் அந்த இரண்டு போர்ட்டையும் போர்ட்-சேனலாகக் கட்டவில்லை. சர்வர் ஒரே மேக் முகவரியோடு ஒரு பாக்கெட்டை இதில், அடுத்ததை அதில் அனுப்பியது. ஒரே முகவரி, அதே இரண்டு போர்ட், நாள் முழுக்க. யாருக்கும் நெட் போகவில்லை, சர்வர் மட்டும் மெதுவாக இருந்தது. `active-backup` ஆக்கியதும் நின்றது.

என் கேள்வி வேறு: இரண்டு கார்டையும் ஒன்றாகப் பயன்படுத்தி வேகம் வேண்டுமென்றால் எல்ஏசிபி போட்டால் போதுமா?

மங்கை:

பரத் தம்பி, போதும். இரண்டு பக்கமும் போட வேண்டும். ஆனால் ஒரே ஒரு கோப்பை நகலெடுக்கும்போது வேகம் இரட்டிப்பாகாது. ஒரு உரையாடல் ஒரு கம்பியில்தான் போகும். இதைத் தனி இழையில் பேசுவோம்.

உங்கள் கதை சொல்லாக்கத்துக்கு உதவுகிறது. சுவிட்ச் சொல்வது அறிகுறியை மட்டும். காரணம் வளையமாக இருக்கலாம், கட்டாத போர்ட்-சேனலாக இருக்கலாம். மாடியில் நடந்துகொண்டே பேசுபவரின் ஃபோன் ஒரு வைஃபை கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் இந்தச் செய்தி வரலாம். அது ஒன்றிரண்டு வரியோடு ஓய்ந்துவிடும். காரணத்தைப் பெயரில் வைத்தால் சர்வர் கார்டுக்கும் மேசைக்கடியில் தேடுவார்கள்.

கதிரவன், ஸ்பானிங் ட்ரீ பற்றி: 14, 15-இல் `spanning-tree bpdufilter enable` இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் குட்டி சுவிட்ச் பிபிடியூவை விழுங்குகிறது. சில மலிவு சுவிட்ச்கள் கடத்தும், சில கடத்தாது.

புலவர் அரங்கநாதன், திருப்பாதிரிப்புலியூர்:

அன்பர்களுக்கு வணக்கம். "முகவரி மாறாட்டம்" என்று முன்மொழிகிறேன். நல்ல பழைய சொல், ஓசையும் நன்று.

மங்கை:

ஐயா, ஓசை நன்றுதான். ஆனால் ஆள்மாறாட்டம் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருப்பதால், முகவரி மாறாட்டம் என்றால் ஒருவர் இன்னொருவரின் மேக் முகவரியைத் திருடிப் போட்டுக்கொண்டதாகத்தான் பொருள்படும். அதுவும் நடக்கக்கூடிய ஒன்று. அதற்கே இந்தச் சொல்லைப் பத்திரப்படுத்துவோம்.

என் வாக்கு "முகவரி ஊசலாட்டம்". செய்தி எப்போதும் இரண்டு போர்ட்டுக்கு இடையில் என்றுதான் சொல்கிறது. ஊசலாட்டத்திலும் போய் வருவது இருக்கிறது. வைஃபையில் ஒரே ஒரு முறை இடம் மாறுவதை "முகவரி இடமாற்றம்" என்று பிரித்துச் சொல்லவும் வழி கிடைக்கும்.

புலவர் அரங்கநாதன்:

மாறாட்டத்தை விட்டுவிடுகிறேன். ஆயினும் ஊசலாட்டம் என்பது முடிவெடுக்க இயலாத மனத்துக்கு உரியது. இயற்பியல் பாடநூலில் "அலைவு" இருக்கிறதே.

மங்கை:

அலைவு என்றால் மாணவர்கள் அலைவுக் காலம் கேட்பார்கள் ஐயா. இதற்குச் சீரான காலம் கிடையாது, பிராட்காஸ்ட் வரும்போதெல்லாம் நடக்கும். மேலும், முடிவெடுக்க இயலாத மனம் என்பது அந்தச் சுவிட்சுக்கு அப்படியே பொருந்துகிறது!

இளங்கோ:

சரி, துடிப்பை லிங்குக்கே விட்டுத்தருகிறேன். ஆனால் அந்தக் கேபிள் முனைகளையும் ஒரு தடவை பாருங்கள்.

கதிரவன்:

`bpdufilter` இருந்தது அக்கா, எல்லா மேசைப் போர்ட்டிலும். எடுத்துவிட்டு `bpduguard` போட்டேன். பிறகு சோதித்துப் பார்க்க 15-ஐத் திறந்தேன். உடனே 14 `err-disabled` ஆனது. ஆக, அந்தக் குட்டி சுவிட்ச் பிபிடியூவைக் கடத்துகிறது.

கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "முகவரி ஊசலாட்டச் செய்தி வந்தால் முதலில் எத்தனை முகவரிகள் என்று எண்ணவும். ஒன்றே ஒன்று, அதே இரண்டு போர்ட் என்றால் சர்வரின் கார்டு இணைப்பைப் பார்க்கவும். பல முகவரிகள் என்றால் வரிகளில் திரும்பத் திரும்ப வரும் போர்ட்களைக் கண்டுபிடிக்கவும்." புலவர் ஐயாவுக்காக அடைப்புக்குறியில் அலைவு என்றும் போட்டிருக்கிறேன், அச்சுக்குப் போகும் முன் ஒன்றை எடுக்க வேண்டும்.

போர்ட்டுக்குத் "துறை" என்று போடச் சொல்லி ஒருவர் தனிமடலில் கேட்டார். கடலூரில் துறை என்றால் படகைத் தேடுவார்கள். போர்ட் என்றே விட்டிருக்கிறேன், யாருக்காவது மறுப்பு உண்டா?