கொரியன் தொடர் தமிழ் சப்டைட்டில்: திட்டும் கிண்டலும் ஒன்று ரொம்பக் கடுமையாகிறது, இல்லை சப்பென்று போகிறது. உதவி வேண்டும்

மலர்விழி

16 எபிசோடு கொண்ட ஒரு கொரியன் குடும்பத் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொரியன் கேட்டால் ஓரளவு புரியும், சந்தேகம் வந்தால் ஆங்கில சப்டைட்டிலைப் பார்ப்பேன். முதல் இரண்டு எபிசோடை வீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மா, "அந்தப் பாட்டி ஏன் பேரனை இப்படிக் கரிச்சுக் கொட்டுறா?" என்றார். கல்லூரித் தோழிகளோ, ரவுடிகள் "முட்டாளே, போய்விடு" என்று பேசுவது பழைய நாடகம் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

சிக்கல் இந்த இடங்களில்தான்:

1. பாட்டி ஒரு காட்சியில் பேரனைக் கட்டிக்கொண்டு "நே செக்கி" என்கிறார். அவன் குடித்துவிட்டு வரும்போதும் "செக்கி"தான். கடன் வசூலிக்க வருகிற ரவுடியும் அதே சொல்லைத்தான் சொல்கிறான்.

2. அக்கா தம்பியிடம் அடிக்கடி "ஜுகுல்லெ?" என்கிறாள். "சாகணுமா?" என்று போட்டிருக்கிறேன். வில்லனும் ஒருமுறை இதையே கேட்கிறான்.

3. நாயகி தன் டீம் தலைவரைத் திட்டும்போது மரியாதை விகுதியை விடுவதே இல்லை.

எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்வது?

கார்த்தி_கோவை

இதில் குழம்ப ஒன்றுமில்லை. கொரியனில் மரியாதை விகுதி இல்லாத பான்மல் பேசினால் நீ, டா, டி. மரியாதையான ஜொன்டேன்மல் பேசினால் நீங்க. இதை மட்டும் ஒழுங்காகப் பிடித்தால் கடுமை தானாக வந்துவிடும்.

சுவோன்வாசி

கார்த்தி சொல்வதில் பாதி சரி. நீ, நீங்க பிரிவுக்கு அது பொருந்தும். டா, டி விஷயத்தில் கவனம் வேண்டும். கொரியனில் பான்மல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். தமிழில் ஒரு ஆண், பழகி நாலு நாள் ஆன பெண்ணை "டி" போட்டால், ஒன்று காதலன் உரிமை எடுக்கிறான், இல்லை அவளை மட்டம் தட்டுகிறான். மூன்றாவது எபிசோடிலேயே நாயகன் "என்னடி" என்றால் பார்ப்பவர் கதையைத் தப்பாகப் புரிந்துகொள்வார். அங்கே "நீ" மட்டும் போதும். கூப்பிடுகிற "யா!"வுக்கு "ஏய்" போடுங்கள். அது யாருக்கும் பொருந்தும், "டேய்" அளவுக்குக் கனமும் இல்லை.

மலர்விழி, நான் சில வருடங்களாகக் கொரியாவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு திட்டின் சூடு பெரும்பாலும் சொல்லில் இருப்பதில்லை. யார் யாரிடம் சொல்கிறார், வாக்கியம் எந்த விகுதியில் முடிகிறது, கேட்டவர் அடுத்த ஷாட்டில் என்ன செய்கிறார், இந்த மூன்றில்தான் இருக்கிறது. அக்கா "ஜுகுல்லெ?" என்ற பிறகும் தம்பி பாட்டுக்கு ராம்யொன் நூடுல்ஸ் சாப்பிட்டால் அது "உதை வேணுமா?" அவ்வளவுதான். வில்லன் கேட்டு எதிரில் இருப்பவன் பின்வாங்கினால் "உயிர் மேல ஆசை இல்லையா?" போடலாம். "சாகணுமா?" இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால் எங்கேயும் ஒட்டாது.

"செக்கி" விலங்கின் குட்டியைக் குறிக்கிற சொல். உங்களுக்கு நல்ல வசதி, நம் பாட்டிமாரும் பேரனைக் குட்டி என்றுதான் கொஞ்சுவார்கள். கட்டிக்கொள்ளும் காட்சிக்கு "என் செல்லக்குட்டி." குடித்துவிட்டு வருகிற காட்சிக்கு "வந்துட்டான் பாரு, எருமை." ரவுடிக்கு "டேய் நாயே." ஒரே கொரியன் சொல் என்பதற்காக ஒரே தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

இன்னொன்று, ஆங்கில சப்டைட்டிலை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். இதே சொல்லுக்கு அவர்கள் பிறப்பைப் பழிக்கும் வசவைப் போடுவார்கள். அதைப் பார்த்து எழுதினால் தமிழில் தாயை இழுக்கிற திட்டு வந்துவிடும். மூலத்தில் "செக்கி" தாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ராணி அக்கா

நான் டப்பிங்கில் வசனம் எழுதியவள். வாயசைவு முக்கியம்மா. "யா" என்று வாய் திறந்தால் "டா" மாதிரி வாய் திறக்கிற எழுத்தில் முடியணும். அப்புறம் சத்தமாகச் சொன்னால்தான் திட்டு திட்டாக இருக்கும்.

மலர்விழி

அக்கா, என்னுடையது சப்டைட்டில் மட்டும், குரல் கொரியன்தான்.

ராணி அக்கா

அப்படியா, சரி. அப்படியென்றால் இன்னும் குறைத்தே எழுது. நடிகரின் கோபம்தான் காதில் விழுகிறதே. டப்பிங்கில் காற்றோடு போகிற கெட்ட வார்த்தை, திரையில் எழுத்தாக நின்றால் இரட்டிப்பாகத் தெரியும்.

சுவோன்வாசி

அக்கா சொல்வது ரொம்ப முக்கியம். மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "டிம்ஜாங்னிம், ஜின்ச்சா ஜேசு ஒப்சொயோ" மாதிரி வசனம்தானே? டீம் தலைவரிடமே எரிச்சலைக் கொட்டுகிறாள், ஆனால் கடைசியில் "யோ" என்ற மரியாதை விகுதி இருக்கிறது, அதுதான் அதன் ருசி. "நீ ஒரு திமிர் பிடிச்சவன்" என்று எழுதினால் அந்த ருசி போச்சு. "உங்களைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது சார்" என்று எழுதுங்கள். மரியாதையும் இருக்கிறது, குத்தும் இருக்கிறது.

அதே தொடரில் புதிதாக வந்த ஒருவன் பெரியவரிடம் பான்மலில் பேச, அவர் "மாரி ஜால்தா?" என்று கேட்பார் என்று நினைக்கிறேன், அலுவலகத் தொடர்களில் இது சகஜம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பேச்சு குட்டையாக இருக்கிறது என்று வரும், யாருக்கும் புரியாது. "என்ன, மரியாதை குறையுது?" கச்சிதமாகப் பொருந்தும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு ஜோடியையும் எழுதுங்கள். பாட்டி–பேரன், அக்கா–தம்பி, நாயகி–தலைவர். யார் யாரை எப்படி அழைக்கிறார், எந்த எபிசோடில் அது மாறுகிறது என்று குறியுங்கள். நாயகனும் நாயகியும் "மல் நோல்க்கா?" என்று கேட்டு "நீங்க"விலிருந்து "நீ"க்கு மாறுகிற காட்சி வரும். முதலிலிருந்தே "நீ" போட்டிருந்தால் அந்தக் காட்சிக்கு அர்த்தமே இருக்காது. அதோடு தொடரின் மிக மோசமான சண்டை எது என்று முதலில் பாருங்கள். "நாயே"வை அதற்கும் ரவுடிகளுக்கும் மட்டும் ஒதுக்குங்கள். இரண்டாவது எபிசோடு கேலியில் செலவழித்துவிட்டால் பிறகு கையில் எதுவும் இருக்காது.

கார்த்தி_கோவை

டி விஷயம் புரிந்தது. ஆனால் தோழிகளுக்குள் "போடி" போடலாம்தானே?

சுவோன்வாசி

தாராளமாக. பெண்ணைக் குறிக்கிற "கிஜிபே" என்ற சொல்லைத் தோழிகள் செல்லமாகச் சொன்னால் அங்கே "அடிப்பாவி", "போடி" எல்லாம் வரலாம். அதையே ஒரு ஆண் சொன்னால் அது பெண்ணை மட்டம் தட்டுகிற வசவு, செல்லம் இல்லை.

யாழினி

எங்கட பக்கம் "விசரா" எண்டால்தான் இயல்பு, "லூசு" போட்டாலும் விளங்கும். ஒரு கேள்வி: நீ, நீங்கள் ரெண்டுக்கும் நடுவில எங்களிட்ட "நீர்" இருக்கு. முழுசா மரியாதையும் இல்லாமல், அவமரியாதையும் இல்லாமல் கொரியனில் பேசுற இடங்களுக்கு அதைப் போடலாமோ?

சுவோன்வாசி

அளவு சரியாகப் பொருந்தும், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் பார்க்கிறவருக்கு "நீர்" என்றதும் புராணப் படம் நினைவுக்கு வரும். இலங்கை வாசகருக்கென்றே ஒரு பதிப்பு போட்டால் சரி. பொதுப் பதிப்பில் எனக்குத் தீர்வு தெரியவில்லை.

மலர்விழி

ஜோடிப் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டேன். நாயகியின் அண்ணன் ஒருவனை "பியொங்ஷின்" என்கிறான். ஆங்கிலத்தில் வெறுமனே முட்டாள் என்று இருக்கிறது.

சுவோன்வாசி

உடல் ஊனத்தைச் சொல்லித் திட்டுகிற சொல் அது. கதையில் அந்த வலியே பேசுபொருள் என்றால் ஒழிய "நொண்டி" வகைச் சொற்கள் வேண்டாம். "தண்டம்", "உதவாக்கரை" போதும். அதே மாதிரி, பாட்டி வாயில் இயல்பாக இருக்கிறதே என்று "சண்டாளா" போட்டுவிடாதீர்கள், அது ஒரு சாதியைக் குறிக்கிற பெயர்.

ராணி அக்கா

"உதவாக்கரை" கொஞ்சம் மென்மையாகிவிடும். கோபமான காட்சி என்றால் "தண்டச்சோறு" என்று போட்டுப் பார்.

மலர்விழி

அண்ணன் அங்கே சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போகிறான், நல்ல கோபம்தான். "தண்டச்சோறு" சரியாக உட்காருகிறது. பாட்டியின் காட்சிகளை மாற்றி எழுதிவிட்டு அம்மாவிடம் மறுபடி போட்டுக் காட்டுகிறேன்.