காப்புநேரமா, தாங்குநேரமா? யூபிஎஸ் பிரசுரத்துக்கு ஒரு சொல் வேண்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து, முதல் மடல்

அனைவருக்கும் வணக்கம். அடிக்கடி கரண்ட் போகிற ஊர்களில் கேம் கன்சோல், டிவி, ரவுட்டர் மூன்றுக்கும் எந்த யூபிஎஸ் வாங்குவது என்று நான்கு பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிரசுரம் எழுதுகிறேன். நம் இரண்டு மாவட்டத்துக் கடைகளிலும் வைப்பதற்கு. யூபிஎஸ்ஸுக்குத் "தடையில்லா மின்வழங்கி" என்று சொல் இருக்கிறது. கடையில் போய் அப்படிக் கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை, அதனால் யூபிஎஸ் என்றே விட்டுவிட்டேன். "பேக்கப் டைம்" என்பதற்குத்தான் சொல் வேண்டும். இப்போதைக்குக் "காப்புநேரம்" என்று போட்டிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக் கணக்கு இது. பிஎஸ்5 விளையாட்டின்போது 200 வாட், 43 அங்குல டிவி 70, ரவுட்டரும் பைபர் பெட்டியும் சேர்ந்து 10. ஆக 280 வாட். 600 விஏ யூபிஎஸ் 360 வாட் வரை கொடுக்கும், போதும். உள்ளே 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 84-ஐ 280-ஆல் வகுத்தால் 0.3 மணி, அதாவது 18 நிமிடம். சொல்லும் கணக்கும் சரிதானா?

தருமபுரி, யூபிஎஸ் சர்வீஸ் செய்பவர்

சொல் அப்புறம் இருக்கட்டும் சார், கணக்கு தப்பு. 18 நிமிஷம் என்று அச்சடித்தால் வாங்கினவர் அடுத்த நாளே கடைக்காரரின் சட்டையைப் பிடிப்பார். பேட்டரி புதுசாகவே இருந்தாலும் நான்கு நிமிஷத்தைத் தாண்டாது.

7 ஏஎச் என்பது 20 மணி நேரக் கணக்கு. 0.35 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் அந்த ஏழும் கையில் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் காலி செய்கிற வேகத்தில் இழுத்தால் நாலேகால், நாலரைதான் தேறும். நீங்கள் இழுப்பது எவ்வளவு என்று பாருங்கள். 280 வாட்டைக் கொடுக்க யூபிஎஸ் தன் பங்குக்கும் தின்னும், பேட்டரியிலிருந்து போவதில் நூற்றுக்கு எண்பதுதான் வெளியே வரும்:

```
280 / (12 × 0.8) = 29 A
```

29 ஆம்பியர் என்பது அந்தச் சின்ன பேட்டரிக்கு அதன் ஏஎச்-ஐப் போல நாலு மடங்கு. அந்த வேகத்தில் வோல்டேஜ் மடமடவென்று சரியும். உள்ளே இன்னும் மிச்சம் இருக்கும்போதே யூபிஎஸ் கட்-ஆஃப் செய்துவிடும். அதனால்தான் நாலு நிமிஷம்.

இரண்டு 7 ஏஎச் பேட்டரி உள்ள 1000 விஏ பெட்டி வாங்கினால் ஒவ்வொன்றும் பாதி ஆம்பியர்தான் கொடுக்கும், சுமார் 15. அந்த வீதத்தில் பத்து நிமிஷம் நிற்கும். பேட்டரி இரட்டிப்பு, நேரம் இரண்டரை மடங்கு. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஏஎச் டியூபுலரில் அதே 29 ஆம்பியரை இழுத்தால், அது அதற்கு லேசான வேலை; பேட்டரியை ஒட்ட வழிக்காமலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாம். பிரசுரத்தில் வகுத்தல் கணக்கை எடுத்துவிட்டு, பேட்டரித் தரவுத்தாளில் 5, 10, 15, 30 நிமிஷத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று இருக்கும் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பென்னாகரத்திலிருந்து

எங்கள் வீட்டில் டிவிக்கு நல்ல ஸ்டெபிலைசர் இருக்கிறது. அதுவே போதாதா? எதற்கு யூபிஎஸ்? இன்னொன்று, மகன் வாங்கி வைத்திருக்கும் யூபிஎஸ் கரண்ட் இருக்கும்போதே சாயங்காலத்தில் கீச் கீச் என்று கத்துகிறது. அது ரிப்பேரா?

தருமபுரி, யூபிஎஸ் சர்வீஸ் செய்பவர்

ஸ்டெபிலைசரில் பேட்டரி கிடையாது அண்ணா. கரண்ட் போனால் அதுவும் கூடவே போய்விடும். உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். அது ரிப்பேர் இல்லை. வீடுகளில் வைக்கும் யூபிஎஸ் சுமார் 140, 145 வோல்ட் வரை உள்ளேயே தூக்கிக் கொடுத்துச் சமாளிக்கும். அதற்கும் கீழே இறங்கினால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குப் போய்விடும். குண்டு பல்பு மங்கலாக எரிகிறது, யூபிஎஸ் கத்துகிறது என்றால் அதுதான் நடக்கிறது. ஏழு மணிக்கு நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரி பாதி காலியாகியிருக்கும்.

திரும்ப நிரம்பவும் நேரம் பிடிக்கும். உள்ளே இருக்கும் சார்ஜர் சின்னது. காலியான பேட்டரி 90 சதவீதம் நிரம்ப ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்கொரு தரம் கரண்ட் போகிற நாளில் முதல் தடவை நாலு நிமிஷம் கொடுத்தது மூன்றாவது தடவை ஒரு நிமிஷம் கொடுத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதைச் சரிக்கட்ட வெளியே பெரிய கார் பேட்டரியைக் கோத்துவிடுகிறார்கள். அந்தச் சார்ஜர் அதை நிரப்பாது. டிரான்ஸ்பார்மரும் சில நிமிஷம் ஓடுவதற்கென்று செய்தது, மணிக்கணக்கில் ஓட்டினால் காய்ந்து கருகும்.

அரூர், தமிழாசிரியர்

கணக்கைப் படித்தபோது சொல்லும் கிடைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. "காப்புநேரம்" என்றால் அந்த நேரம் முழுவதும் காப்பு உறுதி என்று பொருள்படுகிறது. சர்வீஸ்காரர் சொல்வதோ, இழுப்பைப் பொறுத்து அது நாலும் ஆகும் நூறும் ஆகும் என்று. நம் ஊரில் இதை எப்படிக் கேட்கிறார்கள்? "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றுதானே. "தாங்குநேரம்" என்று வைக்கலாமே. லோடு என்பதற்குச் "சுமை" என்று ஏற்கெனவே எழுதுகிறோம். சுமையைத் தாங்குவது என்பது சுமைதாங்கிக் கல் நட்டு வைத்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. "ஓடுநேரம்", "இயக்கநேரம்" இரண்டும் வேண்டாம்; பின்னதைக் கணினிக்காரர்கள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து

பிடித்திருக்கிறது ஐயா. இன்னொரு வசதியும் தெரிகிறது. கடையில் வருகிற கேள்வி பெரும்பாலும் "600 விஏ எவ்வளவு நேரம் தாங்கும்" என்பதுதான். விஏ நேரத்தைச் சொல்வதே இல்லை, ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதை மட்டும் சொல்கிறது. நேரத்தைச் சொல்வது பேட்டரி. ஆக விஏ, வாட் இரண்டுக்கும் "தாங்குதிறன்", நிமிடத்துக்குத் "தாங்குநேரம்" என்று ஜோடியாக வைத்தால் குழப்பம் தீருமா?

தருமபுரி, யூபிஎஸ் சர்வீஸ் செய்பவர்

தீராது, கூடும். இரண்டும் ஒரே மாதிரித் தொடங்குகிறது. கவுண்டரில் நிற்பவர் காதில் பாதிதான் விழும். முதலாவதைச் "சுமைவரம்பு" என்று வையுங்கள். வரம்பை மீறினால் பெட்டி கத்தும், அணைந்துவிடும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. சுமைவரம்பில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றும் ஒரு வரி போடுங்கள். உங்கள் 280 வாட் ஏற்கெனவே அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டது, கூட ஒரு ஸ்பீக்கர் மாட்டினாலே சிக்கல்.

ஓசூர், மின்னணுப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர்

எனக்கு ஒரு தடை இருக்கிறது. கன்சோலுக்குள் இருக்கும் பவர் சப்ளைக்கே ஒரு தாங்கல் உண்டு. மின்சாரம் அறுந்தபின் அதன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்து 16, 20 மில்லி செகண்ட் வரை ஓடும். ஹோல்ட்-அப் டைம் என்போம். "தாங்குநேரம்" அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிற சொல். அதை நிமிடக் கணக்குக்குக் கொடுத்துவிட்டால் இதற்கு எங்கே போவது?

வெறும் சொல் தகராறு இல்லை இது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் 150 ஏஎச் இருந்தும் கரண்ட் போனதும் கன்சோல் அணைகிறது என்றால் காரணம் இந்த மில்லி செகண்ட்தான். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். `ECO` பக்கம் இருந்தால் பேட்டரிக்கு மாற 40 மில்லி செகண்ட் வரை எடுத்துக்கொள்ளும், அதற்குள் கன்சோல் செத்துவிடும். `UPS` பக்கம் தள்ளினால் பத்துச் சொச்சத்தில் மாறிவிடும். மின்விசிறிக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 10 வாட் சுமைக்கு யூபிஎஸ் தானே பத்துப் பதினைந்து வாட் தின்னும். உங்கள் வகுத்தல் கணக்கில் எட்டு மணி நேரம் வரும். நிஜத்தில் இரண்டரை மணி நேரம் வந்தால் அதிகம். சில பெட்டிகள் சுமை இல்லை என்று நினைத்துச் சில நிமிடத்தில் தானாகவே அணைந்தும் போகும். ரவுட்டருக்கு 12 வோல்ட் நேராகக் கொடுக்கும் மினி யூபிஎஸ் தனியாக வைப்பதே நல்லது. மூன்று லித்தியம் செல், 22 வாட்-மணி இருந்தால் 8 வாட் ரவுட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் 12 தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து

அப்படியானால் 600 விஏ வாங்குவதே வீணா அக்கா?

ஓசூர், மின்னணுப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர்

வீணில்லை. எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். நாலு நிமிடத்தில் ஆட்டத்தை முடிக்க முடியாது, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கலாம். கத்த ஆரம்பித்ததும் சேமிக்க வேண்டும். பிஎஸ் பட்டனை அழுத்தி, பவர் குறியில் `Turn Off PS5` தேர்ந்தெடுக்க வேண்டும். `Enter Rest Mode` வேண்டாம். அந்த நிலையிலும் அதற்கு மின்சாரம் வேண்டும், யூபிஎஸ் தீர்ந்ததும் பாதியில் அறுந்துவிடும், அடுத்த தடவை போடும்போது சேமிப்பகத்தைச் சரிபார்க்க உட்காரும். தொடர்ந்து ஆட வேண்டும் என்பவருக்கு இன்வெர்ட்டர்தான். பிரசுரத்தில் இந்த இரண்டு தேவையையும் இரண்டு சொல்லாகப் பிரித்தால் நல்லது. அணைப்பதற்கான நாலு நிமிடத்தை "அவகாசம்" என்றே எழுதலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

அரூர், தமிழாசிரியர்

"அவகாசம்" வடசொல் என்று ஒரு மடல் கட்டாயம் வரும். எனக்கு ஆட்சேபம் இல்லை. மில்லி செகண்டுக்குத் "தாக்குப்பிடி நேரம்" என்று வைத்துப் பாருங்கள். "அந்த ஒரு நொடி தாக்குப்பிடித்தது" என்கிறோமே.

ஓசூர், மின்னணுப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர்

நீளம். தரவுத்தாள் கட்டத்துக்குள் அடங்காது. யோசிக்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து

இப்போதைய வரைவில் "சுமைவரம்பு", "தாங்குநேரம்" இரண்டும் உள்ளே. கணக்கை இப்படி மாற்றியிருக்கிறேன்: "280 வாட் சுமையில், முழுதாக நிரம்பிய புதிய பேட்டரியில், தாங்குநேரம் சுமார் 4 நிமிடம்." சுமையைச் சொல்லாமல் தாங்குநேரம் என்ற சொல்லைத் தனியாக எங்குமே எழுதவில்லை. ஓசூர் அக்காவின் தடையை இன்னும் தீர்க்கவில்லை, வேறு சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.

பென்னாகரத்திலிருந்து

பின்பக்கச் சுவிட்சைப் பார்த்தேன், `ECO`-வில்தான் இருந்தது. மாற்றியதும் கன்சோல் அணையவில்லை, நன்றி. ஆனால் இப்போது சாயங்காலம் 180 வோல்டுக்குக் கீழே வந்தாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடுகிறது, முன்பு போகாது. இந்தத் தாங்குநேரத்தை எதிலிருந்து எண்ணுவது, கரண்ட் போனதிலிருந்தா, வோல்டேஜ் இறங்கினதிலிருந்தா?