புதுப்பிப்பு: 500 யூனிட் தாண்டியதும் கரண்ட் பில் எகிறுவது ஏன்?

"போன தடவை 500 யூனிட், இந்தத் தடவை 510. பத்து யூனிட்டுக்கு 300 ரூபாய்க்கு மேலயா?"

கீழே வந்த பதில்களைப் படித்துவிட்டு எழுதுகிறேன். கேட்டவருடையது 2022 செப்டம்பர் கட்டணத்தில் வந்த பில். தமிழ்நாட்டில் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

"500 தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பாதி சரி. எட்டு ரூபாய் 501-லிருந்துதான். ஆனால் கீழே உள்ள ஒரு படியும் மாறுகிறது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் அதைப் பிடித்துக் காட்டினார். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை அரசு மானியம் போக யூனிட்டுக்கு 2.25 தான். தாண்டினால் அந்த நூறுக்கும் 4.50.

கணக்கைப் பாருங்கள். 500-க்கு முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 225, அதற்கடுத்த இருநூறுக்கு 900, கடைசி நூறுக்கு 600: ஆக 1,725. 510-க்கும் முதல் நூறு இலவசம், 101 முதல் 400 வரை 1,350, அடுத்த நூறுக்கு 600, கடைசிப் பத்துக்கு 80: ஆக 2,030. வித்தியாசம் 305. அதில் புதிய பத்து யூனிட்டின் விலை வெறும் 80; மீதி 225 பறிபோன மானியம். 501-லேயே அது போய்விடும். இந்த இடம்தான் எனக்கு நியாயமாகப் படவில்லை.

2024 ஜூலையில் விகிதம் கூடியது, இந்தப் படி அமைப்பு அப்போது மாறவில்லை.

கடை மீட்டர் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: அது வணிகக் கட்டணம், இந்தக் கணக்கு பொருந்தாது.

ரீடிங் சில நாள் தள்ளி எடுத்ததால்தான் 500 தாண்டியது என்கிறார் கேட்டவர். அட்டையில் இரண்டு ரீடிங் தேதிகளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.