போதிசத்துவர் தள்ளிப்போடுவது எதை?

நீலத்தாமரை:
போதிசத்துவர் என்பவர் நிருவாணத்தின் வாசல்வரை சென்றுவிட்டு, கடைசி உயிரும் உள்ளே போகும்வரை தாம் மட்டும் வெளியிலேயே நிற்பவர். தம் விடுதலையைத் தள்ளிப்போடுவதே அவருடைய சபதம். பழைய பௌத்த மரபான தேரவாதத்தின் அரகந்தருக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. அவர் தமக்காக மட்டுமே கரையேறுகிறார்.

ஏட்டுச்சுவடி:
இந்த வாசற்படிக் கதையை இன்னும் எத்தனை ஆண்டுகள் கேட்க வேண்டுமோ தெரியவில்லை. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: தள்ளிப்போடுகிறார் என்கிறீர்களே, எதைத் தள்ளிப்போடுகிறார்? தம் மாசுகளை அறுப்பதோடு முடியும் அரகந்தரின் விடுதலையையா, பிறரையும் கரையேற்றும் புத்தநிலையையா? இரண்டும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிவதால்தான் இப்படி எழுத முடிகிறது. கிழக்காசிய மடங்களில் நாள்தோறும் ஓதப்படும் நான்கு பெருஞ்சபதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணற்ற உயிர்களைக் கரையேற்றுவேன், முடிவில்லாத மாசுகளை அறுப்பேன், அளவில்லாத அறவாயில்களைக் கற்பேன் என்ற மூன்றுக்கும் பிறகு நான்காவதாக வருவது, ஒப்பற்ற புத்தநெறியை அடைந்தே தீருவேன் என்பது. அடைவேன் என்றுதான் இருக்கிறது. காத்திருப்பேன் என்று எங்கே இருக்கிறது?

நீலத்தாமரை:
நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். சென்ற முறை, போதிசத்துவர் நிறைவுசெய்ய வேண்டிய பாரமிதைகள் என்ற நற்பண்புகள் ஆறா பத்தா என்ற விவாதத்திலும் இதே தோரணையில்தான் வந்தீர்கள். சரி, உங்களுக்கு ஏடு வேண்டுமென்றால் ஏட்டிலிருந்தே தருகிறேன். க்ஷிதிகர்பர் என்ற போதிசத்துவரைப் பற்றிய சூத்திரத்தில், துன்புறும் உயிர்களை முதலில் கரையேற்றாதவரை நான் புத்தராக விரும்பமாட்டேன் என்று ஓர் அரசர் சபதம் செய்கிறார். அவரே பின்னாளின் க்ஷிதிகர்பர். அவர் தள்ளிப்போடுவது புத்தநிலையைத்தான். உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா?

ஏட்டுச்சுவடி:
அந்த அத்தியாயத்தில் பாதியை மட்டும் படித்தவர்களுக்கு விடை கிடைத்துவிடும். அங்கே இரண்டு அரசர்கள் இருக்கிறார்கள். நண்பர்கள், அண்டை நாட்டுக்காரர்கள், இருவரும் தங்கள் மக்களின் தீச்செயல்களைக் கண்டு வருந்தியவர்கள். ஒருவர், நான் விரைவில் புத்தராகி இவர்களில் ஒருவர் மிச்சமின்றிக் கரையேற்றுவேன் என்றார். மற்றவர்தான் நீங்கள் சொன்னவர். முதல் அரசர் சொன்னபடியே புத்தராகிவிட்டார், அவரையும் சூத்திரம் போற்றவே செய்கிறது. ஆகவே விரைந்து புத்தராவதும் கருணையின் வழியே. காத்திருப்பது ஒருவருடைய தனிப்பட்ட சபதம். அதை எல்லாப் போதிசத்துவர்களின் இலக்கணமாக்கியது நீங்கள். அந்தச் சூத்திரத்துக்குச் சமஸ்கிருத மூலம் கிடைக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலத்தாமரை:
தமக்குப் பிடிக்காத நூல் என்றால் மூலம் கேட்பதும், பிடித்த நூல் என்றால் மொழிபெயர்ப்பே போதும் என்பதும் உங்கள் வழக்கம். நான்கு பெருஞ்சபதங்களை மட்டும் நீங்கள் எந்தச் சமஸ்கிருத ஏட்டிலிருந்து எடுத்தீர்கள்? எப்படியோ, ஒரு போதிசத்துவராவது புத்தநிலையைத் தள்ளிப்போட்டார் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

ஏட்டுச்சுவடி:
ஒப்புக்கொள்ளவில்லை. தனிச்சபதம் என்றேன்.

முரண்தொடை:
எனக்குப் பௌத்தம் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். எல்லாப் போதிசத்துவர்களும் மற்றவர்கள் உள்ளே போகட்டும் என்று வாசலில் நின்றால், அவர்களுக்குள் யார் முதலில் போவது? ‘நீங்கள் முதலில்’, ‘இல்லை, நீங்கள் முதலில்’ என்ற உபசாரம் யுகக்கணக்கில் நீளும். உயிர்களோ எண்ணற்றவை. எண்ணற்றவற்றில் கடைசி என்று ஒன்று இருக்க முடியுமா? நீலத்தாமரையின் கணக்குப்படி இதுவரை ஒரு புத்தர்கூட வந்திருக்க முடியாது.

நீலத்தாமரை:
சபதத்தைக் கூட்டல் கழித்தலால் அளக்க வந்தவருக்கு நான் என்ன சொல்வது? முடியாததைச் சபதமாக ஏற்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது. மகாயானக் கவிஞர் சாந்திதேவர், ஆகாயம் உள்ளவரை, உலகம் உள்ளவரை நானும் இருந்து உலகின் துயரத்தை நீக்குவேனாக என்று பாடியிருக்கிறார். ஆகாயம் என்றைக்கு முடியும் என்று அவரிடமும் கணக்குக் கேட்பீர்களோ?

ஏட்டுச்சுவடி:
இருப்பேனாக என்றார், புத்தராகாமல் இருப்பேனாக என்று சொல்லவில்லை. போதிசத்துவ நெறியைப் போற்றும் மகாயானத்தில் புத்தரானவர் உலகை விட்டு ஓடிப்போவதில்லை. சம்சாரத்திலும் நிலைகொள்ளாமல், ஒடுங்கிய அமைதியிலும் நிலைகொள்ளாமல் இருக்கும் நிருவாணம் என்று ஒன்றை அவர்கள் பேசுவதே இதற்காகத்தான். உள்ளே போனால் கதவு சாத்தப்பட்டுவிடும் என்று நினைப்பவருக்குத்தான் வாசலில் நிற்க வேண்டிய தேவை வரும். நான் கேட்டதை மறுபடி கேட்கிறேன்: எதைத் தள்ளிப்போடுகிறார்?

வைகறை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். நான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திபெத்திய ஆசிரியர் முன்னிலையில் போதிசத்துவச் சபதம் எடுத்தேன். அதன் பிறகு அம்மா நெடுநாள் படுக்கையில் இருந்தார். இரவு மூன்று மணிக்கு அவருடைய படுக்கை விரிப்பை மாற்றும்போது, எனக்கு இதிலிருந்து விடுதலை கிடைக்காதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். விடுதலையைத் தள்ளிப்போடுவதுதான் சபதம் என்றால் அந்த நினைப்பாலேயே நான் அதை முறித்துவிட்டேனா? இதைத் தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
அம்மா, சபதம் எடுத்த அன்று நீங்கள் மூன்று முறை திரும்பச் சொன்னது பெரும்பாலும் சாந்திதேவரின் பாடலாக இருக்கும். முன்னைய சுகதர்கள், அதாவது புத்தர்கள், எவ்வாறு போதிசித்தம் என்ற விழிப்பு நாட்டத்தை எழுப்பிப் படிப்படியாகப் போதிசத்துவப் பயிற்சிகளில் நிலைத்தார்களோ, அவ்வாறே நானும் உலக நலனுக்காக எழுப்புகிறேன், பயில்கிறேன் என்பது அதன் பொருள். தள்ளிப்போடுவேன் என்ற சொல் அதில் கிடையாது. சபதம் முறிவது, உயிர்களுக்காக விழிப்படைய வேண்டும் என்ற அந்த எண்ணத்தையே கைவிடுவது போன்ற பெரிய பிழைகளால்தான், களைத்துப்போனதால் அன்று. நீலத்தாமரை போன்றவர்கள் இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போவதால் யாருக்கு என்ன துன்பம் வருகிறது என்று பாருங்கள்.

நீலத்தாமரை:
அவருடைய அம்மாவின் துன்பத்தை என்மேல் எறிவது எந்தப் பாரமிதையைச் சேர்ந்தது? திபெத்தியர் என்ற பேச்சு வந்ததால் கேட்கிறேன். பத்துருல் ரின்போச்சே மூன்று வகையான துணிவைப் பற்றி எழுதவில்லையா? அரசனைப் போன்றவன் முதலில் தான் அரியணை ஏறிப் பிறகு மக்களைக் காக்கிறான். படகோட்டியைப் போன்றவன் எல்லோருடனும் சேர்ந்து கரை சேர்கிறான். இடையனைப் போன்றவன் ஆடுகளையெல்லாம் முன்னே விட்டுத் தான் கடைசியில் பட்டிக்குள் நுழைகிறான். மூன்றில் உயர்ந்தது இடையனின் துணிவே என்கிறார். நான் சொன்ன வாசலும் அந்தப் பட்டியின் வாசலும் வேறு வேறா?

ஏட்டுச்சுவடி:
துணிவின் வகைகள் என்று நீங்களே எழுதிவிட்டு, அதைப் பயணத் திட்டமாகப் படிக்கிறீர்கள். ஒருவர் எந்த மனநிலையோடு புறப்படுகிறார் என்பதைச் சொல்லும் உவமை அது. உண்மையில் உங்கள் வாதத்துக்கு மிக நெருக்கமான இடம் வேறொன்று இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாததால் நானே சொல்கிறேன். எண்ணாயிரம் வரிகளின் பிரஞ்ஞாபாரமிதை என்ற மகாயானச் சூத்திரத்தில் ஒரு வில்லாளி வருகிறான். அவன் வானை நோக்கி ஓர் அம்பை எய்து, அது கீழே விழாதபடி அடுத்த அம்பால் தாங்கி, அதை மூன்றாவதால் தாங்கி, தான் விரும்பும்வரை முதல் அம்பை விழவிடாமல் வைத்திருக்கிறான். வெறுமையில் தோய்ந்த போதிசத்துவரும் அப்படித்தான். விடுதலையின் எல்லையைத் தொட்டு அங்கேயே ஒடுங்கிவிடாமல் உபாயத்தால் தம்மைத் தாங்கிக்கொள்கிறார். எதுவரை என்பதைக் கவனியுங்கள். புத்தநிலைக்குரிய நல்வேர்கள் முதிரும்வரை. நடுவழியில் விழுந்தால் அரகந்தராகிவிடுவார் என்பதால்தான் விழாமல் இருக்கிறார். புத்தராகாமல் இருப்பதற்காக அன்று.

நீலத்தாமரை:
அம்பு விழாமல் நிற்கிறது. இதற்குத் தமிழில் தள்ளிப்போடுதல் என்று பெயர்.

ஏட்டுச்சுவடி:
எது விழாமல் நிற்கிறது என்பதுதான் முதல் பதிவிலிருந்து என் கேள்வி. அரகந்தரின் விடுதலை தள்ளிப்போகிறது, ஆம். அதையும் மகாயானம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெருந்தன்மை இல்லை என்று நீங்கள் இகழ்ந்த தேரவாதம்தான் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கௌதம புத்தரின் முற்பிறவியான சுமேதரின் கதையை ஒரு முறையாவது படித்திருக்கிறீர்களா? தீபங்கர புத்தர் வரும் பாதையைச் செப்பனிடும் வேலையில் தமக்குக் கிடைத்த பகுதியை முடிக்க நேரமில்லாமல், சுமேதர் சடையை விரித்துச் சேற்றின்மேல் படுத்துக்கொள்கிறார். அப்படிக் கிடக்கும்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வருகிறது: நான் விரும்பினால் இன்றே என் மாசுகளை எரித்துவிடலாம், ஆனால் வலிமை அறிந்த ஒருவன் தனியே கடந்துபோவதால் என்ன பயன்? அந்தக் கணத்தில் கைக்கெட்டிய விடுதலையை விட்டுவிட்டு, நான்கு அசங்கியேயமும் நூறாயிரம் கற்பமும் என்ற எண்ணிப்பார்க்க முடியாத காலம் நடக்கத் தொடங்குகிறார். புத்தராவதற்கான விருப்பம் பலிக்க வேண்டிய எட்டு நிபந்தனைகளில், அந்தப் பிறவியிலேயே அரகந்தராகும் தகுதி இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. கையில் இருப்பதைத்தானே விட முடியும்? ஆக, விட்டது அரகந்தநிலையை, நாடியது புத்தநிலையை.

வைகறை:
அந்த எட்டில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. அதை மட்டும் எப்படி வசதியாக விட்டுவிட்டீர்கள்?

ஏட்டுச்சுவடி:
விவாதத்துக்குத் தேவையில்லாததால் விட்டேன்.

வைகறை:
உங்களுக்குத் தேவையில்லை. சபதம் எடுத்தவள் நான்.

நீலத்தாமரை:
வைகறை அவர்களே, திபெத்தியர் வணங்கும் தாரைதேவியின் கதையை அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். ஆணாகப் பிறக்க வேண்டிக்கொள் என்று துறவிகள் அறிவுரை சொன்னபோது, சம்சாரம் வெறுமையாகும்வரை பெண்ணுடலிலேயே உயிர்களுக்கு உதவுவேன் என்று சபதம் செய்தவர் பின்னாளில் தாரையான அந்த இளவரசி. சம்சாரம் வெறுமையாகும்வரை! இதற்கு மேல் தள்ளிப்போடுதலுக்கு என்ன சான்று வேண்டும்?

ஏட்டுச்சுவடி:
தாரையை அதே மரபு புத்தர் என்றே வணங்குகிறது. புத்தராகிவிட்டவர் எதைத் தள்ளிப்போட்டார்? அவர் சொன்னது எந்த உடலில் உதவுவேன் என்பதை.

முரண்தொடை:
தமிழில்தானே பேசுகிறோம். மணிமேகலையில் ‘தனக்கென வாழாப் பிறர்க்குரியாளன்’ என்று ஒரு தொடர் வருகிறதே, அது போதிசத்துவரைச் சொல்வதுதானே? நீலத்தாமரைக்கு அதையாவது கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
அதையும் கொடுக்க முடியாது. அடுத்தடுத்த அடிகளைப் பாருங்கள். மன்பதை இன்பம் எய்துவதற்காக ‘அருளறம் பூண்ட ஒருபெரும் பூட்கை’யோடு அறச்சக்கரத்தை உருட்டியவர் என்று வருகிறது. சக்கரம் உருட்டியவர் புத்தரானவர். அங்கே பூட்கை என்பதுதான் சபதம். அந்தப் பூட்கையின்படி அவர் வாசலில் நிற்கவில்லை, உள்ளே போய்ச் சக்கரத்தை உருட்டினார்.

நீலத்தாமரை:
சாத்தனாரையும் உங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டாயிற்று. பூட்கை எப்போது பூண்டது? புத்தரான பிறகா, முன்பா? முன்பு என்றால் இடைப்பட்ட நான்கு அசங்கியேயமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? நடந்தார் என்பீர்கள். ஒரே நாளில் முடித்திருக்கக்கூடியதை அத்தனை கற்பங்களுக்கு நீட்டியவரைத் தள்ளிப்போட்டவர் என்று சொல்லக் கூடாது என்றால், வேறு எவரைத்தான் சொல்வது?

ஏட்டுச்சுவடி:
சிறிய வீட்டை வாங்காமல் பெரிய வீட்டைக் கட்டியவனை, வீடு வாங்குவதைத் தள்ளிப்போட்டவன் என்று நீங்கள் சொல்வீர்கள் போலிருக்கிறது. க்ஷிதிகர்பரை விட்டுவிட்டு, எல்லாப் போதிசத்துவர்களும் பொதுவாக எடுக்கும் சபத வாசகத்தில் புத்தநிலையைத் தாமதிப்பேன் என்று ஒரே ஒரு வரி காட்டுங்கள்.

நீலத்தாமரை:
க்ஷிதிகர்பரை ஏன் விட வேண்டும்?

முரண்தொடை:
கடைசி உயிர் நுழைந்ததும் சொல்லி அனுப்புங்கள், வந்து படிக்கிறேன்.

வைகறை:
சபதம் முறியவில்லை என்று ஏட்டுச்சுவடி சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த எண்ணத்தைக் கைவிட்டால் முறியும் என்றீர்களே, சில இரவுகளில் கைவிட்டேனா இல்லையா என்பது எனக்கே தெரியாது. முறிந்திருந்தால் மறுபடி எடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
எடுக்கலாம். நீலத்தாமரை இன்னும் வரி காட்டவில்லை.